காசோலையில் பெறுபவர் பெயர்: முதலெழுத்தின் விரிவு கணக்கோடு ஒத்துப்போகாதபோது

அவரை எல்லாரும் K. Murugan என்றுதான் அறிவோம். அடையாள அட்டையில் அப்பா பெயரோடு முழுதாக இருக்கிறது. செக்கில் எதை எழுதுவது?

இரண்டில் எது என்று முடிவு செய்யும் முன், அவருடைய வங்கிக் கணக்கு எந்தப் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். காசோலையில் வர வேண்டியது அந்தப் பெயர்தான். கணக்கில் `K MURUGAN` என்று இருந்தால் அப்படியே எழுதுங்கள். `MURUGAN S/O KARUPPIAH` என்று இருந்தால் அதையே முழுதாக எழுதுங்கள். முதலெழுத்தை நீங்களாக விரிக்கவும் வேண்டாம், விரிந்திருப்பதை நீங்களாகச் சுருக்கவும் வேண்டாம்.

பெயரை வாய்மொழியாகக் கேட்டு எழுதுவதைவிட, வங்கி அனுப்பும் மாதாந்திரக் கணக்கு அறிக்கையின் மேற்பகுதியைப் படமெடுத்து அனுப்பச் சொல்வது நல்லது. பெயர் இருக்கும் வரி மட்டும் போதும். கணக்கு எண்ணையும் மீதத் தொகையையும் மறைத்துவிடலாம். வங்கி அட்டையில் பொறித்திருக்கும் பெயரை நம்ப வேண்டாம். அட்டையில் இடம் குறைவு என்பதால் நீளமான பெயர்கள் அங்கே சுருங்கிவிடுகின்றன.

பெயர் பொருந்துகிறதா என்று பார்ப்பது என் வங்கியா, வாங்குபவருடைய வங்கியா?

வாங்குபவருடைய வங்கி. இதைத் தெரிந்துகொண்டாலே மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

சிங்கப்பூரில் 2003 முதல் காசோலைத் தாள் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குப் போவதில்லை. பணம் பெறுபவர் போட்ட இடத்திலேயே தாள் நின்றுவிடுகிறது. அதன் படம் மட்டும்தான் உங்கள் வங்கிக்குச் செல்கிறது. உங்கள் வங்கி அந்தப் படத்தில் உங்கள் கையெழுத்து, தேதி, எண்ணிலும் எழுத்திலும் தொகை, கணக்கில் போதிய பணம் ஆகியவற்றைப் பார்க்கும். பெறுபவர் கணக்கில் என்ன பெயர் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. தெரிந்திருப்பது வாங்குபவருடைய வங்கிக்கு மட்டுமே. ஒப்பிடும் பொறுப்பும் அதனுடையதுதான். வேறொருவருக்குச் சேர வேண்டிய காசோலையைக் கவனமில்லாமல் தன் வாடிக்கையாளர் கணக்கில் சேர்த்துவிட்டால், உண்மையான உரிமையாளருக்கு அந்த வங்கி ஈடு கொடுக்க நேரிடலாம். பெயர் விஷயத்தில் அவர்கள் கறாராக இருப்பதன் காரணம் இதுதான்.

ஆகவே "இப்படி எழுதினால் செல்லுமா?" என்று உங்கள் வங்கி முகப்பில் கேட்டுப் பயனில்லை. அவர்களால் உறுதி சொல்ல முடியாது. கேட்க வேண்டியவர் வாங்குபவர். கேட்க வேண்டிய இடம் அவருடைய வங்கி.

எவ்வளவு வித்தியாசம் வரை ஏற்றுக்கொள்வார்கள்? ஓர் எடுத்துக்காட்டோடு சொல்ல முடியுமா?

தாய்மாமா ஒருவர் மருமகனின் படிப்புக் கட்டணத்துக்காக 8,600 வெள்ளிக்குக் காசோலை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மருமகனின் கணக்கில் இருக்கும் பெயர் இது:

```
MURUGAN S/O KARUPPIAH
```

மாமா இதைப் பார்க்காமல், தனக்குத் தோன்றியபடி எழுதுகிறார். நான்கு விதமாக எழுத வாய்ப்பு உண்டு:

```
1. MURUGAN KARUPPIAH
2. MURUGAN S/O KARUPPAIYA
3. K MURUGAN
4. MURUGAN KALIAPPAN
```

முதலாவதில் `S/O` மட்டும்தான் இல்லை. பெயரும் தந்தை பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. பொதுவாக இது தடையில்லாமல் சேர்ந்துவிடும். `KARUPPIAH MURUGAN` என்று வரிசை மாறியிருந்தாலும் அப்படித்தான். இந்தியக் கடப்பிதழில் குடும்பப்பெயர், இடுபெயர் என்று இரண்டு கட்டங்கள் இருப்பதால் இந்த முன்பின் மாற்றம் வங்கி ஊழியர்களுக்குப் பழகிப்போன ஒன்று.

இரண்டாவதில் தந்தை பெயரின் எழுத்துக்கூட்டல் மாறியிருக்கிறது. வாய்விட்டுப் படித்தால் அதே பெயர்தான். ஆனால் ஒப்பிடுபவர் தமிழ் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதில்லையே. கருப்பையாவைத் தெரிந்தவருக்கு `KARUPPIAH`, `KARUPPAIYA` இரண்டும் ஒன்று; தெரியாதவருக்கு அவை இரண்டு சொற்கள். சிறு தொகையென்றால் போய்விடும். 8,600 வெள்ளிக்கு ஊழியர் தயங்கலாம்.

மூன்றாவதைக் கவனமாகப் பாருங்கள். `K` என்ற எழுத்து `KARUPPIAH` என்ற பெயரோடு முரண்படவில்லை. அதே சமயம் அதை உறுதிப்படுத்தவும் இல்லை. கந்தசாமி மகன் முருகனும் `K MURUGAN`தான், காளியப்பன் மகன் முருகனும் `K MURUGAN`தான். ஆகவே இது ஊழியரின் கையில் இருக்கிறது. பெரும்பாலும் ஏற்பார்கள், தொகை பெரிதென்றால் தொலைபேசியில் அழைத்துக் கேட்பார்கள், அல்லது கொடுத்தவரிடமிருந்து சரியான காசோலை வாங்கி வரச் சொல்வார்கள்.

நான்காவது செல்லாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மருமகனுடைய தாத்தாவின் பெயர் காளியப்பன்; மாமாவின் நினைவில் அந்தப் பெயர் வந்து உட்கார்ந்துகொண்டது. வங்கியைப் பொறுத்தவரை இது வேறொரு மனிதரின் பெயர். சுருக்கமான முதலெழுத்து சந்தேகத்தைத்தான் எழுப்பும். தவறான விரிவோ நேர் முரணாகிவிடும். எனவே தந்தை பெயர் உறுதியாகத் தெரியாமல், கேட்டறியவும் வழியில்லாமல், இன்றே எழுதியாக வேண்டும் என்ற நிலை வந்தால், ஊகித்து விரித்து எழுதுவதைவிட முதலெழுத்தோடு விட்டுவிடுவது மேல்.

இந்த நான்காவது காசோலையை மருமகன் செவ்வாய் மாலை தன் வங்கியின் காசோலைப் பெட்டியில் போடுகிறார் என்று கொள்வோம். பல வங்கிகளில் வேலைநாளின் நேரக்கெடு பிற்பகல் 3.30 மணி, அதைத் தாண்டியதால் அது புதன்கிழமைக் கணக்கில் போகும். வியாழன் பிற்பகலில் பணம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அதன் பிறகுதான் வங்கியிலிருந்து குறுஞ்செய்தியோ கடிதமோ வரும். மாமாவிடம் சொல்லி, புதுக் காசோலை வாங்கி, மறுபடி போட்டு, பணம் சேர அடுத்த வாரம் ஆகிவிடும். கட்டணத்துக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமையாக இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எதிர்ப்பக்கமாக இருந்தால்? கணக்கில் K MURUGAN, செக்கில் முழுப்பெயர்.

இது எளிது. கணக்குப் பெயர் சுருக்கமாக இருந்தாலும், கணக்கு தொடங்கியபோது கொடுத்த அடையாள அட்டையின் விவரம் வங்கியின் பதிவில் இருக்கும். ஊழியர் அதைத் திறந்து பார்த்தால் `K` என்பது `KARUPPIAH`தான் என்று தெரிந்துவிடும். பல ஆண்டுகளுக்கு முன் சேமிப்புப் புத்தகத்தோடு தொடங்கிய கணக்குகளில் இப்படிச் சுருக்கப் பெயர் இன்னும் இருக்கிறது. ஆனாலும் பெட்டியில் போடுவதைவிட முகப்பில் கொடுப்பது நல்லது. பெட்டியில் விழுந்த காசோலைக்காக யாரும் வாதாட முடியாது.

அழைப்பிதழில் "க. மீனாட்சி" என்று இருந்தது. K MEENAKSHI என்று எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்துவிட்டது. ஏன்?

அவருடைய அப்பா பெயர் கணேசனாக இருக்கலாம். தமிழில் முதலெழுத்து "க.", ஆங்கிலத்தில் `G`. தமிழின் ஒரே "க" ஆங்கிலத்தில் `K` ஆகவும் `G` ஆகவும் வரும். கருப்பையாவும் க., கோவிந்தன் வீட்டாரில் சிலரும் "கோ." என்று எழுதாமல் க. என்றே போட்டுக்கொள்வார்கள். இந்த ஒரு காரணத்தால் மட்டும் தவறிப்போகும் காசோலைகள் நம்மவர்களிடையே நிறைய.

"க" மட்டுமல்ல. "த" என்பது `T` ஆகவும் `D` ஆகவும் வரும்: தங்கவேலு, தண்டபாணி. "ப" என்பது `P` அல்லது `B`: பழனியப்பன், பாலகிருஷ்ணன். "ச" என்பது `S` அல்லது `C`. சிதம்பரத்தைப் பெரும்பாலோர் `C` என்று தொடங்குவார்கள். "இ" என்பது `I` ஆகவோ `E` ஆகவோ இருக்கும். இளங்கோவை `ELANGO` என்று எழுதுவோர் அதிகம்.

திருமண அழைப்பிதழ், நன்றி அட்டை, சங்க உறுப்பினர் பட்டியல் போன்ற தமிழ்ப் பிரதிகளிலிருந்து முதலெழுத்தை நீங்களே ஆங்கிலத்துக்கு மாற்றாதீர்கள். இங்கே எழுத்து முரண்பட்டுவிடுவதால், முன் சொன்ன `K MURUGAN` போல "ஒருவேளை சரியாக இருக்கலாம்" என்ற சலுகைகூடக் கிடைக்காது.

S/O, D/O, A/L, A/P இவற்றை எழுதித்தான் ஆக வேண்டுமா?

கணக்கில் இருந்தால் எழுதுங்கள்; விடுபட்டால் பெரும்பாலும் பாதகமில்லை. செய்யக்கூடாதது ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது. `A/L`, `A/P` மலேசிய ஆவணங்களில் வருபவை. மகன், மகள் என்ற அதே பொருள்தான். மலேசியாவிலிருந்து இங்கே வேலை செய்பவர் கணக்கில் `MURUGAN A/L KARUPPIAH` என்று இருந்தால், நம் ஊர் வழக்கம் என்று `S/O` போட வேண்டாம். அதைவிட விட்டுவிடுவது நல்லது.

சிலருக்கு இரண்டு முதலெழுத்து இருக்கிறதே? T. K. Murugan மாதிரி.

இரண்டில் முதலாவது பெரும்பாலும் ஊர்ப்பெயர், அல்லது தாத்தா பெயர். தஞ்சாவூர் கருப்பையா முருகன் என்று வைத்துக்கொண்டால், ஓர் ஆவணத்தில் மூன்றும் விரிந்திருக்கும். இன்னொன்றில் ஊர் காணாமல்போய் `MURUGAN KARUPPIAH` என்று மட்டும் இருக்கும். இந்தியாவில் கடப்பிதழுக்கும் வருமானவரி நிரந்தரக் கணக்கு எண் அட்டைக்கும் விண்ணப்பிக்கும்போது முதலெழுத்தை விரித்து எழுதச் சொல்கிறார்கள். அப்போது ஒவ்வொருவரும் ஒவ்வொரு முடிவு எடுத்திருப்பார்கள்: ஊரைச் சேர்த்தவர் உண்டு, விட்டவர் உண்டு, ஊரையே குடும்பப்பெயராக்கியவரும் உண்டு.

சிங்கப்பூரில் வேலை அனுமதி அட்டை கடப்பிதழைப் பின்பற்றுகிறது. கணக்கு அந்த அட்டையைப் பின்பற்றுகிறது. அதனால் இங்குள்ள கணக்குப் பெயரும், அதே மனிதர் ஊரில் கல்லூரிக் காலத்தில் தொடங்கிய கணக்கின் பெயரும் வேறுபடுவது இயல்பு. `T K MURUGAN` என்று தெரிந்தவருக்குக் காசோலை எழுதும்போது "இது எந்த நாட்டுக் கணக்கில் போடப்போகிறீர்கள்?" என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும்.

திருமணத்துக்குப் பிறகு என் முதலெழுத்து மாறியது. அப்பா பெயரில் G, கணவர் பெயரில் R. யார் எதை எழுதினாலும் ஏற்பார்களா?

தானாக ஏற்க மாட்டார்கள். `G MEENAKSHI`, `R MEENAKSHI` இரண்டும் வங்கிக்கு இருவர். கணக்கும் அடையாள ஆவணமும் அப்பா பெயரில் இருந்தால், கணவர் வீட்டு உறவினர்களிடம் `G` என்றே எழுதச் சொல்லுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஏற்கெனவே `R` என்று வந்துவிட்டால், திருமணச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு முகப்புக்குப் போங்கள். சான்றிதழில் கணவர் பெயர் `R`இல் தொடங்குவது தெரியும். அதை வைத்து ஏற்பதும் மறுப்பதும் வங்கியின் முடிவு.

கணவனும் மனைவியும் சேர்ந்து வைத்திருக்கும் கூட்டுக்கணக்கு என்றால், இருவரில் ஒருவர் பெயருக்கு வந்த காசோலையையும் பொதுவாக அதில் போடலாம். ஆனால் அந்த ஒருவர் பெயர் கணக்கில் உள்ளபடி இருக்க வேண்டும் என்ற விதி அங்கேயும் மாறாது.

தவறான விரிவோடு ஒரு செக் என் கைக்கு வந்துவிட்டது. நான் என்ன செய்யலாம்?

முதலில், பேனாவை எடுக்காதீர்கள். விடுபட்ட எழுத்தைச் சேர்ப்பது, `KALIAPPAN` மேல் கோடு போட்டு `KARUPPIAH` என்று எழுதுவது, இரண்டும் திருத்தம்தான். எழுதியவர் ஒப்புதல் இல்லாமல் செய்த திருத்தம் காசோலையையே செல்லாததாக்கக்கூடும்.

பெட்டியில் போடாமல், அடையாள அட்டையோடு உங்கள் வங்கியின் கிளைக்குச் செல்லுங்கள். அடையாள அட்டையில் `@` குறிக்குப் பின் மாற்றுப்பெயர் ஏதும் அச்சாகியிருந்து, காசோலையில் அந்தப் பெயர் இருந்தால், அதைக் காட்டுங்கள். அரசாங்கம் ஒப்புக்கொண்ட இரண்டாவது பெயர் என்பதால் வேலை சுலபமாகிவிடும். பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயர் இருப்பதும் உதவும்.

சட்டத்தில் ஒரு வழி உண்டு. சிங்கப்பூரின் மாற்றுச்சீட்டுச் சட்டம், பெறுபவரின் பெயர் தவறாக எழுதப்பட்டிருந்தால், தவறாக உள்ளபடியே பின்புறத்தில் கையெழுத்திட்டு, விரும்பினால் தன் சரியான கையெழுத்தையும் சேர்க்கலாம் என்கிறது. அதாவது பின்புறத்தில் முதலில் `MURUGAN KALIAPPAN`, கீழே உங்கள் வழக்கமான கையெழுத்து. ஆனால் இது வங்கியைக் கட்டாயப்படுத்தாது. குறுக்குக் கோட்டுக்குள் "கணக்கில் மட்டும்" என்ற பொருள்படும் `A/C PAYEE ONLY` இருந்தால், பல வங்கிகள் இந்தக் கையெழுத்தோடும் ஏற்க மறுக்கும். ஊழியர் கேட்டால் மட்டும், அவர் முன்னிலையில், அவர் சொல்லும் இடத்தில் கையெழுத்திடுங்கள்.

இத்தனைக்கும் மேல், எழுதியவர் எட்டும் தூரத்தில் இருந்தால் புதுக் காசோலை கேட்பதே விரைவான வழி.

எழுதியது நான்தான். அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாமா?

வங்கியில் உள்ள மாதிரிக் கையெழுத்து போலவே, திருத்தத்தின் பக்கத்தில் முழுக் கையெழுத்து இட வேண்டும். பெயரின் முதலெழுத்தைக் கிறுக்கி விடுவது போதாது. அப்படியிருந்தும் பெறுபவர் பெயரில் திருத்தம் என்பது மோசடிக்காரர்கள் முதலில் கைவைக்கும் இடம் என்பதால், வாங்குபவருடைய வங்கி மறுக்க இடமுண்டு. திருத்தும் திரவத்தால் வெள்ளையடித்து மேலே எழுதியது எங்கும் செல்லாது. தாளைக் கிழித்துவிட்டு இன்னொன்று எழுதுங்கள்.

பழைய தாள் ஏற்கெனவே அவர் கையில் இருந்தால், அதைத் திரும்பப் பெற்ற பிறகே புதியதைக் கொடுங்கள். திரும்பப் பெற வழியில்லையென்றால், பழைய காசோலை எண்ணைச் சொல்லிப் பணம் தராமல் நிறுத்தும்படி உங்கள் வங்கிக்கு ஆணை கொடுங்கள். அதற்குக் கட்டணம் இருக்கலாம். இரண்டும் செய்யாமல் புதியதைக் கொடுத்தால், முதல் காசோலையை ஒரு நாள் யாரோ ஒரு நல்ல ஊழியர் ஏற்றுக்கொண்டு, இரண்டு முறை பணம் போய்விடும்.

கேஷியர்ஸ் ஆர்டரில் பெயர் தவறினால்?

கேஷியர்ஸ் ஆர்டர் என்பது வங்கியே எழுதித் தரும் காசோலை; அதனால் இங்கே நிலைமை வேறு. சாதாரணக் காசோலையில் பெயர் தவறினால் பணம் உங்கள் கணக்கை விட்டு நகர்வதில்லை. கேஷியர்ஸ் ஆர்டரில், தாள் அச்சாகும்போதே உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுத்தாகிவிட்டது. பெயர் தவறினால் பணம் தொலைவதில்லை. உங்களிடமும் இல்லை, அவரிடமும் இல்லை, வங்கியிடம் நிற்கிறது.

அதை மீட்க, வாங்கிய நீங்களே அசல் தாளோடு வங்கிக்குப் போய் ரத்துசெய்து புதியது கேட்க வேண்டும். பெறுபவரால் இதைச் செய்ய முடியாது. ரத்துக்கும் புதியதற்கும் கட்டணம் உண்டு. வீடு கைமாறும் நாளில் விற்பவர் முதலெழுத்து தவறியிருப்பது கண்டுபிடிக்கப்பட்டால், அந்த அரை நாள் இரு தரப்பு வழக்கறிஞர்களையும் காத்திருக்க வைக்கும். ஆகவே இணையத்தில் விண்ணப்பிக்கும்போது பெறுபவர் பெயர்க் கட்டத்தில், வழக்கறிஞர் அலுவலகம் எழுத்தில் அனுப்பிய பெயரை நகலெடுத்து ஒட்டுங்கள், தட்டச்சு செய்யாதீர்கள். பெயர் நீளமாக இருந்து கட்டத்தில் அடங்காவிட்டால், கடைசியில் வெட்டுப்பட்டதோடு விடாமல், எப்படிச் சுருக்குவது என்று அந்த அலுவலகத்தையே கேளுங்கள். நீங்களாக `KARUPPIAH`வை `K` ஆக்க வேண்டாம். தாள் கைக்கு வந்ததும் முகப்பிலேயே நின்று ஒருமுறை படியுங்கள்.

ஊரில் அம்மாவுக்கு வரைவோலை எடுக்கிறேன். ஊர்க் கணக்கில் அம்மா பெயர் முதலெழுத்தோடு, ஆதாரில் விரித்து. எதைக் கொடுப்பது?

ஊர்க் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் உள்ளதை. ஆதார் அல்ல. அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்; அதில் பெயர் `MEENAKSHI R` என்று முதலெழுத்து பின்னால் இருந்தால் விண்ணப்பத்திலும் பின்னாலேயே எழுதுங்கள்.

இந்திய வரைவோலையில் சில விதிகளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 2012 ஏப்ரல் முதல் காசோலையும் வரைவோலையும் அங்கே தேதியிலிருந்து 3 மாதம்தான் செல்லும்; சிங்கப்பூர் வழக்கமான 6 மாதத்தை மனதில் வைத்து அம்மா பெட்டியில் பூட்டி வைத்தால் காலாவதியாகிவிடும். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள வரைவோலையைப் பெறுபவர் கணக்கில் மட்டுமே சேர்க்கும் குறுக்குக் கோட்டோடுதான் அங்குள்ள வங்கிகள் தருகின்றன. ஆகவே பெயர் பொருந்தாவிட்டால் பணமாக மாற்றிக்கொள்ளும் வழியும் இல்லை.

பெயர் தவறிவிட்டால் தாள் கடல் கடந்து உங்களிடம் திரும்ப வேண்டும். நீங்கள் ரத்துசெய்யும்போது ரூபாயை மறுபடி வெள்ளியாக்குவார்கள். அன்றைய வாங்கும் விலைக்கும் நீங்கள் கொடுத்த விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் நட்டம். கட்டணம் வேறு. இவ்வளவையும் பார்த்தால், குறிப்பாக வரைவோலைதான் வேண்டும் என்று யாரும் கேட்காதபோது நேரடியாகக் கணக்குக்கு அனுப்புவது நல்லது என்பதே எங்கள் கருத்து.

வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஈ கணக்குக் காசோலையை இங்கிருந்தே எழுதி ஊருக்கு அனுப்புகிறேன். கூடுதலாக ஏதாவது கவனிக்க வேண்டுமா?

இரண்டு. ஒன்று, அங்கே பெறுபவர் பெயரில் திருத்தம் அறவே கூடாது. படமாக அனுப்பப்படும் காசோலைகளில் தேதியைச் சரிசெய்வது தவிர வேறெந்த மாற்றத்தையும் 2010 டிசம்பர் முதல் ஏற்பதில்லை, கையெழுத்திட்டாலும் செல்லாது.

இன்னொன்று, பாசிட்டிவ் பே. 2021 ஜனவரி முதல் 50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள காசோலைகளுக்கு, காசோலை எண், தேதி, தொகை, பெறுபவர் பெயர் ஆகியவற்றை எழுதியவர் தன் வங்கிக்கு முன்கூட்டியே தெரிவிக்கும் வசதி வந்தது. 5 லட்சமும் அதற்கு மேலும் என்றால் அதைக் கட்டாயமாக்கும் உரிமையும் வங்கிகளுக்கு உண்டு. சிங்கப்பூர் முறைக்கு நேர்மாறாக, அங்கே உங்கள் வங்கியும் பெயரைப் பார்க்கிறது: நீங்கள் செயலியில் தட்டச்சு செய்ததோடு காசோலைப் படத்தில் உள்ளதை ஒப்பிடுகிறது. தாளில் `R MEENAKSHI`, செயலியில் `MEENAKSHI RAMASAMY` என்றால் அது முரண்பாடு. தாளைக் கண் முன் வைத்துக்கொண்டு, அதில் உள்ள இடைவெளியோடு அப்படியே தட்டச்சு செய்யுங்கள்.

பெயர்த் தொல்லையே வேண்டாம் என்று, செக்கில் அச்சாகியிருக்கும் or bearer என்பதை அடிக்காமல் விட்டால் என்ன?

குறுக்குக் கோடும் போடாமல் அதை விட்டுவிட்டால், யார் கையில் தாள் இருக்கிறதோ அவர் பணம் வாங்கிவிடலாம். தபாலில் தொலைந்தாலும் அப்படித்தான். பெயரில் ஓர் எழுத்துச் சிக்கலைத் தவிர்க்க முழுத் தொகையையும் பணயம் வைக்காதீர்கள். அதை அடித்துவிட்டு, இடது மூலையில் இரு கோடுகள் போட்டு, பெயரைச் சரியாகக் கேட்டு எழுதுங்கள்.

ஒவ்வொரு தடவையும் இதே பிரச்சினை. என் கணக்குப் பெயரையே மாற்றிவிடலாமா?

பழைய கணக்கில் முதலெழுத்தும் அடையாள அட்டையில் விரிவும் இருந்தால், மாற்றிவிடுங்கள். அட்டையோடு கிளைக்குப் போனால் போதும்; அட்டையில் உள்ள பெயருக்கு மாற்ற வேறு ஆவணம் பொதுவாகத் தேவைப்படாது. புதுக் காசோலைப் புத்தகம் கேட்டு வாங்குங்கள். சம்பளம் போடும் அலுவலகத்துக்கும் காப்புறுதி நிறுவனத்துக்கும் புதிய பெயரைத் தெரிவியுங்கள். அவர்களிடம் பழைய பெயரே இருந்தால் அடுத்த காசோலை பழைய பெயரில்தான் வரும்.

அட்டையிலேயே விரிவு தவறாக இருந்தால் வங்கியால் எதுவும் செய்ய இயலாது. வழக்கறிஞர் மூலம் பெயர்மாற்றப் பத்திரம் எழுதி, அதைக் கொண்டு முதலில் அடையாள அட்டையை மாற்றி, பிறகு கணக்கை மாற்ற வேண்டும். இந்தியக் குடிமக்களுக்கு அந்த வரிசை கடப்பிதழிலிருந்து தொடங்குகிறது: கடப்பிதழ், அடுத்து வேலை அனுமதி அட்டை, கடைசியில் வங்கி. இடையில் உள்ள வாரங்களில் இரண்டு பெயரிலும் காசோலை வரும் என்பதால், பழைய அட்டையின் நகலை எறிந்துவிடாமல் வைத்திருங்கள்.